வட்டப் பின்னலில் நிறம் மாற்றும் இடத்தில் விழும் படி: கண்ணியை மாற்றிய பிறகு தொப்பி ஏன் சாய்கிறது?

லீட்ஸ்_குளிர்

வணக்கம். அக்கா மகனுக்கு ஒரு தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன். 4 மி.மீ. வட்ட ஊசி, டி.கே. கம்பளி நூல், 96 கண்ணிகள். நீலம் 4 சுற்று, மஞ்சள் 4 சுற்று என்று மாறி மாறிப் பட்டைகள் வருகின்றன.

நிறம் மாறும் இடத்தில் பட்டையின் தொடக்கமும் முடிவும் நேராகச் சேராமல் படிக்கட்டு போல ஒரு சுற்று ஏறி நின்றது. ஒரு வீடியோவில், புதிய நிறத்தில் ஒரு சுற்று முடித்ததும் இரண்டாம் சுற்றின் முதல் கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றினால் படி மறைந்துவிடும் என்றார்கள். அப்படியே செய்கிறேன். படி மறைந்துவிட்டது. ஆனால் இப்போது வேறொரு வம்பு. மார்க்கர் இருக்கும் அந்த ஒரே வரிசை மேலிருந்து கீழ்வரை சுருங்கி, தொப்பியின் விளிம்பு அந்தப் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு படியை மறைக்கப்போய் முழுத் தொப்பியும் கோணிவிட்டது. நூலை இறுக்கிப் பிடிக்கிறேனா?

குன்னூர்_விஜயா

தம்பி, இது ஊசி மாறும் இடத்தில் வரும் பிரச்சினை. இரண்டு ஊசிகள் சந்திக்கும் இடத்தில் நூல் தளர்ந்துவிடும். அங்கே முதல் இரண்டு கண்ணிகளை நன்றாக இழுத்துப் பின்னுங்கள். நான் நான்கு ஊசியில் காலுறை பின்னும்போதெல்லாம் அப்படித்தான் செய்வேன். அல்லது முன்பாகம், பின்பாகம் என்று தனித்தனியாகப் பின்னி, பக்கவாட்டில் தைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். பட்டையும் அச்சாகச் சேரும்.

நூல்கண்டு

விஜயா அம்மா சொல்வது ஏணி விழும் கோளாறு. அதில் கண்ணிகளுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் போல நூல் தெரியும், ஒரே நிறத்தில் பின்னினாலும் தெரியும். இவருக்கு அது இல்லை. ஒரே நிறத்தில் நான்கு சுற்று பின்னும்போது எதுவும் தெரிவதில்லை, நிறம் மாறுகிற இடத்தில் மட்டும்தான் படி விழுகிறது. கையின் இறுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் இழுத்துப் பின்னினால் தொப்பி இன்னும் கோணும்.

வட்டமாகப் பின்னும்போது நாம் சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில்லை. முழுவதும் ஒரே சுருள். ஒரு சுற்றின் கடைசிக் கண்ணிக்குப் பக்கத்தில் நூல் தொடர்ந்து போய்ச் சேர்வது, அடுத்த சுற்றின் முதல் கண்ணிக்கு. அதாவது மார்க்கருக்கு வலப்பக்கம் இருக்கும் கண்ணி ஒரு சுற்று பின்தங்கியே இருக்கிறது. ஒரே நிறமானால் கண்ணுக்குத் தெரியாது. நிறம் மாறும்போது இடப்பக்கம் மஞ்சள் ஒரு வரிசை முன்னதாகவே தொடங்கிவிடும், வலப்பக்கம் அதே உயரத்தில் இன்னும் நீலம்தான் இருக்கும். பத்து சென்டிமீட்டரில் 30 சுற்று விழுகிற துணியென்றால் அந்தப் படியின் உயரம் மூன்றே கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சிறியதுதான், ஆனால் நேர்கோட்டில் இருப்பதால் கண்ணில் குத்தும்.

இனித் தொப்பி கோணுவதற்கு வருகிறேன். தம்பி, கண்ணியை மாற்றிய பிறகு மார்க்கரை எங்கே வைக்கிறீர்கள்?

லீட்ஸ்_குளிர்

அதே இடத்தில்தான். முதல் கண்ணியை மாற்றுகிறேன், மீதி 95 கண்ணிகளைப் பின்னுகிறேன், மார்க்கர் வந்ததும் மூன்றாம் சுற்று. வீடியோவில் மார்க்கரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஊசிமுனை

நானும் அப்படித்தான் செய்வேன், எனக்கு ஒன்றும் கோணவில்லையே. தொப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒரு கிண்ணத்தின் மேல் மாட்டிக் காயவைத்தால் சரியாகிவிடும். கம்பளி தண்ணீரில் இளகி, அண்டைக் கண்ணிகளிலிருந்து நூலைக் கொஞ்சம் கடன் வாங்கிச் சமன் செய்துகொள்ளும்.

நூல்கண்டு

ஊசிமுனை, உங்கள் பட்டைகள் எத்தனை சுற்று?

ஊசிமுனை

பெரும்பாலும் பன்னிரண்டு, பதினான்கு. கழுத்துத் துணிக்குழாய்தான் அதிகம் பின்னுகிறேன். மொத்தமே மூன்று நிறம்.

நூல்கண்டு

அதனால்தான் தப்பித்தீர்கள். இரண்டு முறை நிறம் மாறினால் இரண்டு சுற்றுதான் குறையும். அதைத் தண்ணீர் சரிசெய்யும். இந்தத் தொப்பியின் கணக்கைப் பாருங்கள்.

பத்துப் பட்டை, ஒவ்வொன்றும் 4 சுற்று. மொத்தம் 40 சுற்று, உயரம் 13 செ.மீ.க்குச் சற்று மேல். நிறம் ஒன்பது முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் முதல் கண்ணியைப் பின்னாமல் விட்டால் அந்த வரிசைக்கு 3 சுற்றுதான் கிடைக்கிறது, மற்ற 95 வரிசைகளுக்கும் நான்கு. தொப்பி முடியும்போது அந்த ஒரு வரிசையில் 31 கண்ணி, பக்கத்தில் 40. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் குறைவு. இதை எந்தத் தண்ணீர் நீட்டும்? ஒரே இடத்தில் ஒன்பது முறை முடிச்சுப் போட்டு இழுத்தது போலத்தான்.

தீர்வு எளிது. மாற்றிய கண்ணியைச் சுற்றின் முதல் கண்ணியாக வைக்காதீர்கள், கடைசிக் கண்ணியாக ஆக்கிவிடுங்கள்.

மஞ்சளில் முதல் சுற்றை எல்லாக் கண்ணிகளிலும் சாதாரணமாகப் பின்னி மார்க்கருக்கு வாருங்கள். மார்க்கரைக் கழற்றுங்கள். நூல் துணிக்குப் பின்னால் இருக்கட்டும். முதல் கண்ணியை, பர்ல் பின்னப் போவது போல ஊசியை நுழைத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றுங்கள். இப்போது மார்க்கரை மாட்டுங்கள். இரண்டாம் சுற்று இங்கிருந்து தொடங்குகிறது. 96 கண்ணிகளையும் பின்னினால், நீங்கள் மாற்றி வைத்த அந்தக் கண்ணி சுற்றின் கடைசியில் வந்து சேரும். அதையும் பின்னுவீர்கள். மூன்றாம், நான்காம் சுற்றுகளும் அப்படியே. எண்ணிப் பாருங்கள், அந்த வரிசைக்கும் நான்கு கண்ணி கிடைத்துவிட்டது. எதுவும் குறையவில்லை. அடுத்து நீலத்தை இந்தப் புதிய மார்க்கரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் சுற்றின் தொடக்கம் ஒரு கண்ணி இடப்பக்கம் நகரும். ஒன்பது மாற்றத்தில் ஒன்பது கண்ணி. பத்து செ.மீ.க்கு 22 கண்ணி விழுகிற துணியில் நான்கு செ.மீ. சாய்வு, அவ்வளவுதான். தொப்பியில் யாரும் கவனிக்கப் போவதில்லை.

லீட்ஸ்_குளிர்

இப்போது புரிகிறது! ஒரு சந்தேகம். பர்ல் போல நுழைக்கச் சொன்னீர்கள். நிட் போல நுழைத்தால் என்ன ஆகும்?

நூல்கண்டு

கண்ணி முறுக்கிக்கொள்ளும். V போல விரிந்திருக்க வேண்டியதன் இரண்டு கால்களும் அடியில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மேல் நோக்கி நீள வேண்டிய கண்ணி நீளாமல் இறுகும், படி பாதிதான் மறையும். சரியாகச் செய்திருந்தால் அந்த மஞ்சள் V அக்கம்பக்கத்து V-களைவிட உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும், அடியில் இருக்கும் நீலக் கண்ணியையும் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடித்திருக்கும். அந்த இழுப்புதான் படியை மறைக்கிறது.

இரண்டு சுற்று பின்னி முடிக்கும்வரை எதையும் தீர்மானிக்காதீர்கள். மாற்றியவுடன் பார்த்தால் அசிங்கமாகத்தான் தெரியும்.

ஸ்கார்பரோ_மாமி

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். நான் இங்கே என் வீட்டுக்காரருக்குக் காலுறை பின்னுகிறேன். 64 கண்ணி, மெல்லிய நூல், இரண்டு நிறம், இரண்டிரண்டு சுற்றாக மாறுகிறது. நீங்கள் சொன்னபடி மார்க்கரை நகர்த்திக்கொண்டே வந்தேன். கணுக்கால் வரைக்கும் 60 சுற்று. இப்போது தொடக்கம் பின்பக்கத்திலிருந்து கிளம்பி முன்பக்கத்துக்கே வந்து நிற்கிறது. குதிகால் பின்ன வேண்டும், தொடக்கம் பாதத்தின் மேல் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

நூல்கண்டு

மாமி, குறுகிய பட்டையில் இதுதான் தலைவலி. 60 சுற்றில் ஏறத்தாழ முப்பது மாற்றம், முப்பது கண்ணி நகர்வு. 64-இல் பாதி.

குதிகாலுக்கு ஒன்றும் பிரிக்க வேண்டாம். சுற்றின் தொடக்கத்தையும் காலுறையின் நடுவையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம். பின்கால் நடுவுக்கு வேறு நிறத்தில் ஒரு மார்க்கர் மாட்டி அதைக் கடைசிவரை அசைக்காதீர்கள். குதிகாலை அந்த மார்க்கரிலிருந்து இருபுறமும் 16 எண்ணி, 32 கண்ணியில் பிரியுங்கள். குதிகாலை ஒரே நிறத்தில் தனிக் கண்டிலிருந்து பின்னினால், பட்டை நூல்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே காத்திருக்கும். தொப்பிக்கும் இதேதான், தம்பி. உச்சியில் கண்ணி குறைக்கும்போது 96-ஐ எட்டாகப் பிரித்துப் பன்னிரண்டுக்கு ஒரு மார்க்கர் தனியாகப் போடுங்கள். நகரும் மார்க்கரை வைத்துக் குறைத்தால் உச்சி சுழன்று போகும்.

பழைய_ஊசி

இரண்டு சுற்றுப் பட்டைக்கு நூல்கண்டு சொல்லும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெக் ஸ்வான்சன் சொல்லிக்கொடுத்த முறை இருக்கிறதே, அதில் மார்க்கர் நகரவே வேண்டாம். எலிசபெத் ஜிம்மர்மனின் மகள், அமெரிக்காவில் வட்டப் பின்னல் என்றாலே இந்தத் தாயையும் மகளையும்தான் சொல்வார்கள்.

புதிய நிறத்தில் முதல் சுற்றை முடித்து மார்க்கருக்கு வருகிறோம். இடது ஊசியில் நிற்கும் முதல் கண்ணி புதிய நிறம். அதற்கு நேர் அடியில் பழைய நிறக் கண்ணி ஒன்று இருக்கும். அதன் வலது காலை ஊசி நுனியால் தூக்கி இடது ஊசியில் ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஒரே கண்ணியாகப் பின்ன வேண்டும். பழைய நிறம் ஒரு வரிசை மேலே ஏறிப் புதிய கண்ணியை மூடிவிடும். அந்த வரிசையில் எந்தச் சுற்றையும் பின்னாமல் விடவில்லை. மாமி குதிகாலுக்கு எதையும் எண்ண வேண்டாம்.

நூல்கண்டு

பெரியவரே, முறை நல்லதுதான். ஆனால் சேர்த்துப் பின்னிய இடம் இரட்டைத் தடிமன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரே வரிசையில் போட்டால், அந்த வரிசை முழுக்க ஒரு தழும்பு போல விறைத்து நிற்கும். காலுறையில் அது ஷூவுக்குள் உறுத்தாதா?

பழைய_ஊசி

மெல்லிய நூலில் உறுத்தாது. தடித்த நூலில் நீங்கள் சொல்வது சரி. காலுறையில் நான் அந்த வரிசையைக் காலின் உட்பக்கம் வைத்துவிடுவேன், உள்ளங்காலில் வராது. பக்கவாட்டில் ஒரு வரிசை தெரிந்தால் என்ன? மாமியின் காலுறையில் தொடக்கம் காலைச் சுற்றிக் கொடி போல ஏறுவதைவிட எனக்கு அது மேல்.

ஸ்கார்பரோ_மாமி

கொடி போல ஏறுவது ஒன்றும் தெரியவில்லை, பெரியவரே. தேடினால்தான் தெரிகிறது. எனக்கு வருத்தமெல்லாம் எண்ணுவதில்தான். அடுத்த காலில் உங்கள் முறையைச் செய்து பார்க்கிறேன். அவர் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள் இல்லை.

இழை_பிரியா

ஒரே ஒரு சுற்றுப் பட்டைக்கு என்ன செய்வது? நீலம் ஒரு சுற்று, வெள்ளை ஒரு சுற்று.

ஊசிமுனை

அதே முறைதான். அடுத்த சுற்றில் முதல் கண்ணியை மாற்றுங்கள்.

நூல்கண்டு

இல்லை, அதற்கு இந்த இரண்டு முறையும் உதவாது. இரண்டாம் சுற்று அதே நிறத்தில் இருந்தால்தான் கண்ணியை மாற்றுவதற்குப் பொருள் உண்டு. ஒரு சுற்றுப் பட்டையில் அடுத்த சுற்று வேறு நிறம். அங்கே மாற்றினால் நீலப்புள்ளி ஒன்று வெள்ளைக்குள் ஏறிக்கொள்ளும்.

இங்கே சுருளோடு சண்டை போடாமல் அதன் போக்கிலேயே போக வேண்டும். இரண்டு நிறமும் இரண்டு சுருள்களாக ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறட்டும். நீலத்தில் ஒரு சுற்று முடித்து நீல நூலை அப்படியே தொங்கவிடுங்கள். வெள்ளையைச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போய், நீல நூல் தொங்கும் இடத்துக்கு மூன்று கண்ணி முன்னால் நிறுத்துங்கள். அந்த மூன்றையும் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றினால் நீல நூல் கைக்கு வரும். அதை எடுத்துப் பின்னுங்கள். வெள்ளை தொங்கும் இடத்துக்கு மூன்று கண்ணி முன்னால் நிறுத்தி, மூன்றை மாற்றி, வெள்ளையை எடுங்கள். இவ்வளவுதான். சுற்று தொடங்கும் இடம் என்று ஒன்றே இல்லாமல் போவதால் படியும் இல்லை.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். நூலை மாற்றும்போது ஒன்றையொன்று முறுக்கக் கூடாது, முறுக்கினால் ஓட்டை விழாது என்று பழக்கத்தில் கை போகும். இங்கே ஓட்டை விழவே வாய்ப்பில்லை. அடுத்து, எடுத்த நூலின் முதல் கண்ணியை இழுக்கக் கூடாது. இழுத்தால் முந்தைய சுற்றில் அந்த நிறத்தின் கடைசிக் கண்ணி சுருங்கிக் காணாமல் போகும். மூன்று கண்ணி முன்னால் நிறுத்துவதே இதற்காகத்தான், இறுக்கம் எதுவானாலும் ஒரே இடத்தில் குவியாமல் பரவிப் போகும்.

சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒரு படி மிஞ்சும். அதைத் தவிர்க்க முடியாது.

இழை_பிரியா

அப்படியானால் மாமியின் இரண்டு சுற்றுப் பட்டையையும் இப்படியே செய்யலாமே?

நூல்கண்டு

செய்யலாம். நீலம் இரண்டு கண்டு, வெள்ளை இரண்டு கண்டு, நீலம் நீலம் வெள்ளை வெள்ளை என்று நான்கு நூல் ஒன்றன்பின் ஒன்றாக. படி துளியும் இருக்காது. ஆனால் நான்கு கண்டும் மடியில் சிக்கிக்கொள்வதைப் பிரிக்கத் தனி ஆள் வேண்டும்.

குன்னூர்_விஜயா

நான் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. பரவாயில்லை, இன்னொன்று கேட்கிறேன். பட்டைக்குப் பட்டை நூலை அறுக்கிறீர்களா, உள்ளேயே மேலே கொண்டுபோகிறீர்களா? ஒரு தொப்பிக்குப் பத்து இடத்தில் அறுத்தால் இருபது வால் தொங்குமே. அதைச் செருகுவதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும்.

நூல்கண்டு

நான்கு சுற்றுக்கு அறுக்க வேண்டாம், அம்மா. உட்பக்கமாக மேலே கொண்டுபோகலாம். நீலத்தை மீண்டும் எடுக்கும்போது அது நான்கு சுற்று ஏறி ஒரு கண்ணி இடப்பக்கம் வர வேண்டும், ஒன்றரை செ.மீ. நூல் தளர்வாக இருக்கட்டும். தொப்பியை அந்த இடத்தில் மேலும் கீழும் கையால் இழுத்துப் பாருங்கள். துணி நீளும்போது உள்ளே அந்த நூல் முதலில் விறைத்தால் இறுக்கம் அதிகம். தம்பியின் தொப்பி கோணியதில் இதற்கும் பங்கு இருக்கலாம், பிரிப்பதற்கு முன் உட்பக்கத்தைப் பாருங்கள்.

எட்டு, பத்து சுற்றுப் பட்டைகளுக்கு நான் அறுத்துவிடுவேன். அப்போது வாலைச் செருகும் திசைதான் முக்கியம். வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் பழைய நிறத்தின் வால் மார்க்கருக்கு வலப்பக்கம் முடிகிறது, புதிய நிறத்தின் வால் இடப்பக்கம் தொடங்குகிறது. பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் கொண்டுபோய், அதனதன் நிறத்துக்குள்ளேயே உட்பக்கத்தில் செருகுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்போது நடுவில் இருக்கும் தளர்வு மூடிக்கொள்ளும். வந்த திசையிலேயே திரும்பிச் செருகினால் அங்கே சிறு ஓட்டை நிற்கும்.

பழைய_ஊசி

வாலை மேல் நோக்கிக் கொஞ்சம் இழுத்துச் செருகினால் மிஞ்சிய படியும் சரியாகும். கடைசிச் சுற்றை முடித்த இடத்தில் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

லீட்ஸ்_குளிர்

உட்பக்கத்தைப் பார்த்தேன். நூல் கம்பி போல விறைத்துத்தான் இருந்தது. விளிம்பு ரிப் வரைக்கும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கி ஆறு பட்டை முடித்துவிட்டேன். விளிம்பு நேராக நிற்கிறது, மாறும் இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. விளிம்பு ரிப்பிலும் ஒரு மஞ்சள் பட்டை வைத்திருக்கிறேன், இரண்டு நிட் இரண்டு பர்ல். அங்கே படி விழவில்லை, ஆனால் நீலமும் மஞ்சளும் சேரும் கோடு முழுக்கப் பர்ல் வரிசைகளில் நீலப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

நூல்கண்டு

அது படி அல்ல, பர்லின் குணம். பர்ல் கண்ணி தனக்கு அடியில் இருக்கும் கண்ணியின் தலையை முன்பக்கம் தள்ளிக் காட்டும், அந்தத் தலை நீலம். ரிப்பில் நிறம் மாற்றும் முதல் சுற்றை மட்டும் எல்லாமே நிட்டாகப் பின்னிவிட்டு, இரண்டாம் சுற்றிலிருந்து ரிப்புக்குத் திரும்புங்கள். அந்த ஒரு சுற்று ரிப்பின் மடிப்புக்குள் மறைந்துவிடும், இழுவையும் குறையாது. மாற்றும் கண்ணி நிட் வரிசையில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை

விளிம்பையும் பிரிக்கச் சொல்கிறீர்களா? பாவம், அந்தப் பையன் தொப்பி போடுவதற்குள் தலை வளர்ந்துவிடும்.

லீட்ஸ்_குளிர்

பிரிக்கவில்லை. விளிம்பை உட்பக்கம் மடித்துத் தைத்துவிடப் போகிறேன்.